பீஸ் ரேட்டும் ரிஜெக்ட் பிடித்தமும்: திருப்பூர் தையல் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

பதினோரு வருடம் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். அதற்கப்புறம் செக்கிங் டேபிளுக்குப் போனேன். அதனால் பிடித்தம் கொடுத்தவள், பிடித்தத்துக்குக் காரணமான சீட்டை எழுதியவள் என்று இரண்டு பக்கத்தையும் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கூலிக் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டவர்களின் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

"வாரம் முழுக்க உட்கார்ந்து 3,000 பீஸ் பனியனுக்குப் பாட்டம் மடித்தேன். பீஸுக்கு 1 ரூபாய் 20 பைசா. கையில் வந்தது 2,682 ரூபாய். மீதி எங்கே போனது?"

இதைக் கேட்டவருடைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். 3,000 பீஸுக்கு 3,600 ரூபாய் வரவேண்டும். அதில் 15 பீஸ் ரிஜெக்ட் என்று எழுதி, அந்த 15க்குத் தையல் கூலி 18 ரூபாயைக் கழித்திருந்தார்கள். அதோடு பீஸுக்கு 60 ரூபாய் வீதம் 900 ரூபாயை "டேமேஜ்" என்று தனியாகக் கழித்திருந்தார்கள். 3,600இல் 918 போனால் 2,682. கூட்டல் கழித்தலில் தப்பு எதுவும் இல்லை. அந்த 15 பீஸ் யாரால் கெட்டது என்று ஒருவரும் பார்க்கவில்லை, கோளாறு அங்கேதான்.

நாங்கள் அந்த 15 பீஸையும் டேபிளில் விரித்துப் பார்த்தோம். ஐந்தில் ஓட்டை தையலுக்குப் பக்கத்திலேயே இல்லை, நெஞ்சுப் பக்கம் இருந்தது. அது நிட்டிங்கில் வந்த ஓட்டை. நான்கில் எண்ணெய்க் கறை. மெஷின் தலையிலிருந்து எண்ணெய் கசிவதை அவர் முன்பே மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார். மூன்றில் தையல் ஓரமாகவே ஊசி ஓட்டை, அதற்குத் துணியோ ஸ்டோரில் கொடுத்த ஊசியோ காரணமாக இருக்கலாம் என்பதைக் கீழே சொல்கிறேன். கடைசி மூன்றுதான் அவர் கையால் கெட்டவை. மடிப்பு கோணலாகப் போனதென்று பிரித்திருக்கிறார், பிரிக்கும்போது துணி கிழிந்துவிட்டது.

ஆக, அவர் தலையில் வைக்கக்கூடியது மூன்று பீஸ். அதற்கும் 60 ரூபாய் வைப்பது சரியில்லை. ரிஜெக்ட் ஆன பனியனை யாரும் குப்பையில் போடுவதில்லை, காதர்பேட்டைக்குப் போய் செகண்ட்ஸாக விலை போகிறது. அங்கே பீஸுக்கு 25 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், உண்மையான நஷ்டம் 35 ரூபாய். மூன்று பீஸுக்கு 105 ரூபாய். அந்த மூன்றின் தையல் கூலி 3 ரூபாய் 60 பைசாவையும் கழித்துவிடலாம். அவர் கைக்கு வரவேண்டியது 3,491 ரூபாய் 40 பைசா. வந்ததற்கும் வரவேண்டியதற்கும் இடையே ஒரே வாரத்தில் 809 ரூபாய் வித்தியாசம்.

"ரிஜெக்ட் பீஸுக்குக் கூலி இல்லை என்றால் பரவாயில்லை, துணிக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்களே. இரண்டும் ஒன்றுதானா?"

இல்லை. கூலி தராமல் விட்டால் உங்கள் நஷ்டம் ஒரு ரூபாய் இருபது பைசாதான். பாஸ் ஆன பீஸுக்கு மட்டும்தான் ரேட் என்று வேலைக்குச் சேரும்போதே பேசியிருந்தால், உங்கள் தவறால் கெட்ட பீஸுக்குக் கூலி வராது என்பதை ஏற்கலாம். அடுத்தவர் தவறால் கெட்ட பீஸுக்கு அது பொருந்தாது. நீங்கள் தைத்துக் கொடுத்துவிட்டீர்கள், அந்த உழைப்புக்குக் கூலி கேட்பதில் நியாயம் இருக்கிறது.

துணி விலையைப் பிடிப்பது வேறு விஷயம். அங்கே ஏற்கெனவே நீங்கள் சம்பாதித்துவிட்ட பணத்திலிருந்து எடுக்கிறார்கள். 60 ரூபாய் பிடித்தால் 50 பீஸ் தைத்த கூலி ஒரே பீஸில் போய்விடுகிறது. மேலே சொன்ன கணக்கில் 918இல் 900 இப்படிப் போனதுதான். சீட்டில் இந்த இரண்டையும் ஒரே வரியில் "ரிஜெக்ட் பிடித்தம்" என்று போட்டுவிடுவார்கள். முதலில் அதைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

"ஆல்டர் பீஸை எல்லாம் சும்மாதானே தைத்துக் கொடுக்கிறோம். அதில் என்ன நஷ்டம்?"

சீட்டில் வராத பெரிய பிடித்தமே இதுதான். மேலே சொன்ன 3,000 பீஸ் தைத்த அக்காவுக்கு அதே வாரத்தில் 60 பீஸ் ஆல்டர் வந்தது. பழைய தையலைப் பிரித்து, நூல் பிசிரை எடுத்து, மறுபடி மடித்துத் தைக்க ஒரு பீஸுக்கு நான்கு நிமிடமாவது ஆகும். 60 பீஸுக்கு நான்கு மணி நேரம். வாரத்தின் 48 மணி நேரத்தில் ஆல்டருக்குப் போன நான்கைக் கழித்தால் 44 மணி நேரத்தில் 3,000 பீஸ், அதாவது மணிக்கு 68 பீஸ் தைத்திருக்கிறார். அந்த நான்கு மணி நேரமும் புதுப் பீஸ் தைத்திருந்தால் சுமார் 325 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும்.

அந்த 60இல் 40 பீஸ் தையல் விட்டுப்போனதால் வந்தவை. ஊசி வளைந்திருந்தாலோ, கீழே இருக்கும் லூப்பர் ஊசியின் நூலைச் சரியான நேரத்தில் பிடிக்காவிட்டாலோ தையல் விட்டுவிட்டு விழும். ஊசி வளைவது உங்கள் கண்ணில் படும், மாற்றிவிடலாம். ஊசியை மாற்றிய பிறகும் விட்டுப்போனால் லூப்பர் செட்டிங்தான், அது மெக்கானிக் வேலை. அந்த 40க்குப் போன நேரத்தையாவது ஷிப்ட் கணக்கில் கூலியாகக் கேட்கலாம். சில கம்பெனிகளில் ஆல்டருக்கென்றே ஷிப்ட் சம்பளத்துக்கு ஒரு டெய்லரை உட்காரவைக்கிறார்கள். பீஸ் ரேட்டில் இருப்பவர் தலையில் கட்டாமல் இருக்க அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம்.

"ஓட்டை என்னால் வந்ததா, துணியிலேயே இருந்ததா? செக்கிங்கில் கேட்டால் 'நீதான் தைத்தாய்' என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?"

ஓட்டை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஊசியால் வந்த ஓட்டை தையல் கோட்டின் மேலேயே இருக்கும், வேறெங்கும் இருக்க முடியாது. தையலை இரண்டு கையாலும் பிடித்துக் குறுக்கே இழுத்தால் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் திறக்கும். தைக்கும்போது கண்ணுக்கே தெரியாமல் இருந்து, துவைத்த பிறகு பெரிதாவதும் உண்டு. தையலை விட்டுத் தள்ளி இருக்கும் ஓட்டையும், மேலிருந்து கீழாக ஏணிப்படி போலக் கண்ணி விட்டுப்போன கோடும் நிட்டிங்கில் வந்தவை. குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிந்தால் அது நூலிலோ நிட்டிங்கிலோ சாயத்திலோ வந்தது. ஒரே பனியனில் கை ஒரு ஷேடும் உடம்பு ஒரு ஷேடுமாக இருந்தால் கட்டிங்கில் வேறு வேறு ரோல் கலந்திருக்கிறது. இவற்றில் எதற்கும் பாட்டம் மடிப்பவர் பொறுப்பில்லை.

இனி தையல் மேலேயே வரும் ஊசி ஓட்டைக்கு வருவோம். பாதிச் சண்டை இதில்தான் நடக்கிறது. பனியன் துணிக்கு முனை உருண்ட பால்பாயின்ட் ஊசி போடவேண்டும். அது நூலை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு நுழையும். கூர்முனை ஊசியைப் போட்டாலோ, துணியின் கனத்துக்கு மேல் தடித்த நம்பரைப் போட்டாலோ நூல் அறுந்துவிடும். ஸ்டோரில் எந்த ஊசியைக் கொடுத்தார்களோ அதைத்தான் நீங்கள் போட்டிருப்பீர்கள். முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கீறினால் முனை போய்விட்டது. மழுங்கியது தெரிந்தும் அதே ஊசியில் தைத்திருந்தால் அது உங்கள் கவனக்குறைவு, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊசி கேட்டும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதவர் பொறுப்பு.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணமும் இருக்கிறது. சாயப்பட்டறையில் சாப்ட்னர் குறைவாகப் போட்ட துணி வறண்டு விறைப்பாக இருக்கும். அடர் நிறத் துணிகளில் இது அடிக்கடி நடக்கும். அந்தத் துணியில் நூல் வழுக்கி ஒதுங்காமல் ஊசிக்கு எதிரே நிற்பதால் நல்ல ஊசியிலும் அறுந்துபோகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதே மெஷினில், அதே ஊசியில் வேறு லாட் துணியைப் பத்துப் பீஸ் தைத்துப் பாருங்கள். அது நன்றாக வந்து, இந்த லாட் மட்டும் ஓட்டை விழுந்தால் துணிதான் காரணம். பக்கத்து மெஷினிலும் இதே லாட்டில் ஓட்டை விழுகிறதா என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் விழுந்தால் எல்லாருடைய ஊசியும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை.

நான் செக்கிங்கில் இருந்த ஒரு கம்பெனியில், கருப்புத் துணி லாட் ஒன்று மொத்தமாக இப்படி வந்தது. ஆறு டெய்லர்களிடம் பிடித்தார்கள். பீஸில் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டியது நான்தான். ஒரு வாரம் கழித்து அந்தத் துணியை மறுபடி சாப்ட்னர் போட சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள். பிடித்த காசை மட்டும் யாருக்கும் திருப்பித் தரவில்லை. அன்றைக்கு நான் வாய் திறந்து பேசியிருக்கவேண்டும்.

"சட்டப்படி எவ்வளவு வரை பிடிக்கலாம்?"

1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த விதிகளே, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் பெரும்பாலும் தொடர்கின்றன. பொருள் சேதத்துக்காகப் பிடிக்கவேண்டும் என்றால், அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டதாக இருக்கவேண்டும். சேதம் நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்ததாகவும் இருக்கவேண்டும். பிடிப்பதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்கவேண்டும். பிடிக்கும் தொகை உண்மையான நஷ்டத்துக்கு மேல் போகக் கூடாது. காதர்பேட்டை விலையைக் கழிக்கச் சொன்னேனே, அது இந்தக் கடைசி விதியிலிருந்து வருவதுதான்.

"டேமேஜ் இல்லை, இது அபராதம்" என்று சொன்னால் அதற்கு வேறு வரம்பு. அந்தச் சம்பளக் காலத்தில் வரவேண்டிய கூலியில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் அபராதம் போட முடியாது. 3,600 ரூபாய்க்கு அது 108 ரூபாய். எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவிப்பில் போட்டிருக்கவேண்டும், அதிலும் உங்கள் விளக்கத்தைக் கேட்டுத்தான் போடவேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. சில கான்ட்ராக்டர்கள் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு "பாதி வரை பிடிக்கலாம்" என்பார்கள். அது மொத்தத்துக்கான உச்ச வரம்பு. அதற்குள் வரும் ஒவ்வொரு பிடித்தமும் மேலே சொன்ன விதிகளில் தேறியாகவேண்டும்.

"கம்பெனி எனக்கு டெபிட் போட்டுவிட்டது, நான் என்ன செய்வேன் என்கிறார் பவர் டேபிள்காரர்."

அவருக்கும் கஷ்டம் இருக்கிறது என்பது உண்மை. கம்பெனி துணியைக் கட் பண்ணி அனுப்புகிறது, இவர் தைத்து அனுப்புகிறார், குறை வந்தால் பில்லில் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டெபிட் அவருக்கும் கம்பெனிக்கும் உள்ள வியாபாரம். அதை அப்படியே வகுத்து டெய்லர்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமை வந்துவிடாது. உங்கள் கூலியில் கை வைக்கவேண்டுமென்றால் உங்கள் கவனக்குறைவை அவர் தனியாகக் காட்டவேண்டும்.

டெபிட் சீட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் குறை என்னவென்று எழுதியிருக்கும். "ஷேடு", "அளவு", "கறை" என்று பல காரணங்கள் ஒன்றாக இருக்கும். கழுத்துப் பட்டி வைத்தவர், கை ஏற்றியவர், பாட்டம் மடித்தவர் என்று பீஸ் பல கை மாறி வருகிறது. "எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஆளுக்கு இவ்வளவு என்று பிடிப்பதுதான் வழக்கம். யாருடைய தவறென்று பார்க்காமல் எல்லாரிடமும் பிடிப்பதை மேலே சொன்ன எந்த விதியும் அனுமதிக்கவில்லை.

"பீஸ் ரேட்டில் இருந்தால் குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாதாமே?"

முடியும். அந்த வேலைக்குப் பீஸ் கணக்கில் குறைந்தபட்ச ரேட் நிர்ணயித்திருந்தால் அதற்குக் குறையக் கூடாது. அப்படி நிர்ணயிக்காமல் நேரக் கணக்கில் மட்டும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருந்தால், பீஸ் கணக்கில் வரும் தொகை அந்த நேரக் கூலிக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டாவது விதி 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக இருந்தது, புதுத் தொகுப்பிலும் இருக்கிறது.

பிடித்தம் அதிகமான வாரங்களில் இதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2,682ஐ ஆறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 447 ரூபாய். உங்கள் வேலைக்கு அந்த ஆண்டு அரசு அறிவித்த தினக் கூலி, பஞ்சப்படியோடு சேர்த்து எவ்வளவு என்று தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். பஞ்சப்படி ஏப்ரல் 1இல் மாறும், பழைய எண்ணை வைத்து ஒப்பிடவேண்டாம். இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: பிடிப்பதற்கு முன் உள்ள கூலியே குறைந்தபட்சத்துக்குக் கீழே இருந்தால் ரேட்டே தப்பு. அந்தக் கூலி மேலே இருந்து, பிடித்த பிறகு கீழே போனால் பிடித்தம் முறையானதா என்று பார்க்கவேண்டும். 3,000 பீஸ் தைத்த அக்காவுடைய விஷயம் இரண்டாவது வகை.

"நோட்டில் என்ன எழுதி வைப்பது? எனக்கு அவ்வளவு நேரமில்லை."

நாளுக்கு ஒரு வரி போதும். தேதி, பண்டல் சீட்டு நம்பர், தைத்த பீஸ், திரும்பி வந்த ஆல்டர், அதற்கு ஆன நேரம். மெஷின் நின்றாலோ எண்ணெய் கசிந்தாலோ மெக்கானிக்கிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதை அதே வரியில் எழுதுங்கள். எண்ணெய்க் கறை பட்ட நான்கு பீஸ் விஷயத்தில் அந்த அக்காவுக்குக் கைகொடுத்தது "காலை 10.20, எண்ணெய் கசிவு, சொன்னேன்" என்று எழுதிய ஒரு வரிதான். பல இடங்களில் போனை உள்ளே விடமாட்டார்கள், அதனால் சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பண்டலைப் பிரித்தவுடன் துணியில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் தைக்காதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டி, சூப்பர்வைசர் கையில் கொடுத்து, பண்டல் சீட்டில் அத்தனை பீஸ் குறைத்து எழுதச் சொல்லுங்கள். தைத்துவிட்டால் அது உங்கள் பீஸ் ஆகிவிடும், அப்புறம் வாதாட வேண்டியிருக்கும். ஒரு ரூபாய் இருபது பைசா போகிறதே என்று பார்த்துத்தான் நிறையப் பேர் தைத்துவிடுகிறார்கள்.

ரிஜெக்டை என்றைக்குக் காட்டுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லைனிலேயே மணிக்கொரு முறை செக்கிங் நடந்தால் ஐந்து பீஸ் கெட்டதுமே தெரிந்துவிடும், ஊசியை மாற்றிவிடலாம். சனிக்கிழமை வரை வைத்திருந்து மொத்தமாகக் காட்டினால், அதற்குள் அந்த மெஷினில் இரண்டு பேர் மாறி உட்கார்ந்திருப்பார்கள்.

"கேட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால்?"

சொல்லக்கூடும், அதை மறைக்கமாட்டேன். அதனால் தனியாகப் போய்ச் சத்தம் போடவேண்டாம். அந்த லைனில் பிடித்தம் பட்ட நான்கைந்து பேர் சேர்ந்து, "பீஸை எங்களிடம் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் பேசுகிறோம்" என்று மட்டும் கேளுங்கள். நிறைய இடங்களில் பீஸைக் காட்டச் சொன்னதுமே எண்ணிக்கை குறைந்துவிடும். ஏனென்றால் பல நேரம் பீஸை யாருமே தனியாக எடுத்து வைத்திருக்கமாட்டார்கள், எண் மட்டும்தான் இருக்கும்.

சரிப்படவில்லை என்றால் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். உங்களுக்காகத் தொழிற்சங்கமும் கொடுக்கலாம், பெயரை முன்னால் வைக்கப் பயப்படுபவர்கள் அந்த வழியில் போகலாம். புதுத் தொகுப்பில் கோருவதற்கு மூன்று வருடம் வரை அவகாசம் இருக்கிறது, பழைய சட்டத்தில் ஒரு வருடம்தான் இருந்தது. வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போன பிறகும் கேட்கலாம் என்பதுதான் இதில் நமக்கு உதவும் விஷயம். முறையில்லாமல் பிடித்தார்கள் என்று கோரிக்கை வைத்தால், கூலியைச் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி மேல் விழும். இருந்தாலும் உங்கள் நோட்டும் வாரச் சீட்டும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

"நான் வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறேன். கத்தரி பட்டு ஓட்டை என்று பிடிக்கிறார்கள்."

கத்தரி பட்ட இடம் நேர்கோடாக, விளிம்பு சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். நிட்டிங் ஓட்டை வட்டமாக, ஓரத்தில் கண்ணி அவிழ்ந்து இருக்கும். மூட்டையை இறக்கும்போதே எண்ணிப் பாருங்கள், மேலாக இருக்கும் பத்து இருபது பீஸையாவது விரித்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவருபவர் முன்னாலேயே குறையைத் தனியாக வையுங்கள். திருப்பி எடுத்துப் போகும்போதும் எண்ணிக்கையை அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மூட்டையை எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து வந்து சொல்லும் ஓட்டை, வழியில் எந்த வீட்டில் விழுந்ததென்று யாருக்கும் தெரியாது.